தொகை கூடிவிட்டது, மற்றவை என்ன ஆயின?

கேள்வி: மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு விநியோக நிறுவனத்தில் கணக்கு உத்தியோகத்தர் வேலைக்குத் தெரிவாகியிருக்கிறேன். ஓகஸ்ட் 4 அன்று வந்த கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 70,000, கொடுப்பனவு 15,000, ஆறு மாதத் தகுதிகாண் காலம், ஒக்டோபர் 1 முதல் வேலை என்று இருந்தது. வேலை நேரம், போனஸ், மருத்துவக் காப்புறுதி, ஒரு மாத முன்னறிவித்தல் எல்லாம் அதில் உண்டு. நான் ஒரு இலட்சம் கேட்டேன். 11 ஆம் திகதி மனிதவள முகாமையாளர் தொலைபேசியில் பேசினார். தகுதிகாண் காலத்தை மூன்று மாதமாக்கலாம், நான் எழுதும் தொழில்சார் கணக்கியல் பரீட்சை நாட்களுக்கும் அதற்கு முந்தைய இரண்டு நாட்களுக்கும் சம்பளத்துடன் லீவு தரலாம், வாரம் ஒருமுறை அம்பாறைக் களஞ்சியத்துக்குப் போக நிறுவன வாகனம் வரும் என்றார். ஆனால் 14 ஆம் திகதி வந்த மின்னஞ்சலில், "உங்கள் மொத்த மாதச் சம்பளம் 95,000 ரூபாவாகத் திருத்தப்படுகிறது, 20 ஆம் திகதிக்குள் சம்மதம் தெரிவிக்கவும்" என்று மட்டுமே இருக்கிறது. தொகை எனக்குத் திருப்தி. "சம்மதம், நன்றி என்று இரண்டு வரி எழுதிவிடு, எல்லாவற்றையும் திரும்ப எழுதினால் இன்னும் பேரம் பேசுகிறாள் என்று நினைப்பார்கள்" என்கிறார் அத்தான். நான் என்ன எழுத வேண்டும்?
— வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

அத்தான் சொல்லும் இரண்டு வரியை எழுதினால் முகாமையாளர் மகிழ்ச்சியடைவார். ஆனால் உங்கள் நியமனக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்யப்போகிறவர் அவராக இருக்க மாட்டார். மனிதவளப் பிரிவில் பல வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் அங்கே நடப்பதைச் சொல்கிறேன். உங்கள் சம்மதம் வந்ததும், "இவருக்கு நியமனக் கடிதம் தயாரிக்கவும்" என்ற ஒரு வரியுடன் அந்த மின்னஞ்சல் ஓர் எழுதுவினைஞருக்கு அனுப்பப்படும். அவரிடம் ஒரு மாதிரிப் படிவம் உண்டு. அதில் பெயர், பதவி, சம்பளம், திகதி ஆகிய இடங்கள் மட்டும் வெறுமையாக இருக்கும். "தகுதிகாண் காலம் ஆறு மாதங்கள்" என்பது அதில் ஏற்கனவே அச்சாகியிருக்கும். 11 ஆம் திகதி நீங்கள் இருவரும் பேசியது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் 95,000 என்று நிரப்புவார், அச்செடுப்பார், கையொப்பத்துக்கு வைப்பார். யாரும் உங்களை ஏமாற்ற வேண்டியதில்லை. மூன்று மாதம் தானாகவே ஆறு மாதமாகிவிடும்.

அதன்பின் நீங்கள் கையொப்பமிட்டால் நிலைமை இன்னும் இறுகும். 1895 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இன்றும் நம் நாட்டில் நடைமுறையிலுள்ள சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 91, 92 ஆம் பிரிவுகள் சொல்வது இதுதான்: ஓர் உடன்படிக்கை எழுத்தில் வந்துவிட்டால், அதற்கு முரணாக வாய்மொழியாக வேறொன்று பேசினோம் என்று காட்டப் பொதுவாக இடமில்லை. தொழில் நியாய சபை நீதி, நியாயம் பார்த்துத் தீர்ப்பளிக்கும் இடம்தான். என்றாலும் இரண்டு நாள் பரீட்சை லீவுக்காக யாரும் அங்கே போய் நிற்கப்போவதில்லை. எழுத்தில் இல்லாதது நடைமுறையில் இல்லாததுதான்.

எனவே பதில் நீளமாக இருக்கட்டும். ஆனால் அத்தானின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. இந்த வகைப் பதில்கள் கெட்டுப்போவது நீளத்தால் அல்ல, அதற்குள் புதிய கோரிக்கை ஒன்று நுழைந்துவிடுவதால். ஒப்பந்தச் சட்டத்தில் சம்மதம் என்பது முன்வைக்கப்பட்டதை அப்படியே ஏற்பது. ஏற்கும்போதே ஒன்றைக் கூட்டினாலோ மாற்றினாலோ அது சம்மதமாகாது; நீங்கள் வைக்கும் புதிய முன்மொழிவாகிவிடும். அத்தோடு அவர்களுடைய முன்மொழிவு காலாவதியாகிவிட்டது என்று சொல்ல அவர்களுக்கு வழி பிறக்கும். 95,000 உங்கள் கைக்கு எட்டியிருக்கும் நேரத்தில் அந்த வழியை நீங்களே திறந்துவிட வேண்டாம்.

ஆகவே எழுத உட்காருமுன் உங்கள் விடயங்களைப் பிரித்துப் பாருங்கள். முதல் கடிதத்திலேயே இருந்து, யாரும் தொடாதவை ஒரு பக்கம்: வேலை நேரம், போனஸ், காப்புறுதி, முன்னறிவித்தல். இவற்றைக் கடிதத்திலுள்ள சொற்களாலேயே எழுதுங்கள். "நிறுவனத்தின் இலாபத்தைப் பொறுத்து போனஸ் வழங்கப்படலாம்" என்று அங்கே இருந்தால், "வருடாந்த போனஸ் உண்டு" என்று நீங்கள் மெருகேற்றக் கூடாது. அப்படி எழுதினால் அந்த ஒரு வரிக்காக முழுக் கடிதமும் சந்தேகத்தோடு படிக்கப்படும். தொலைபேசியில் உடன்பட்டவை இன்னொரு பக்கம்: தகுதிகாண் காலம், பரீட்சை லீவு, அம்பாறை வாகனம். இவற்றை யார், எந்தத் திகதியில் சொன்னார் என்பதோடு சேர்த்து எழுத வேண்டும். இனி மீதியிருப்பவைதான் சிக்கலானவை. பேசப்படாதவை, அல்லது இரண்டு விதமாக விளங்கிக்கொள்ளக்கூடியவை. உங்களிடம் அப்படி இரண்டு இருக்கின்றன. இரண்டையும் நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதலாவது, அந்த 95,000 எப்படிப் பிரிகிறது என்பது. முதல் கடிதம் அடிப்படை 70,000, கொடுப்பனவு 15,000 என்று பிரித்துச் சொன்னது. திருத்திய மின்னஞ்சல் "மொத்தச் சம்பளம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. கூடிய 10,000 அடிப்படையில் ஏறியதா, கொடுப்பனவில் ஏறியதா? ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதம், நீங்கள் 8 வீதம் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் மட்டும் 3 வீதம் செலுத்த வேண்டும். சட்டப்படி வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு போன்றவையும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் பல நிறுவனங்கள் கொடுப்பனவுக்குப் பிரயாணம், தொலைபேசி என்று ஏதாவது பெயரிட்டு, அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே பங்களிப்புச் செலுத்துகின்றன. உங்கள் நிறுவனமும் அப்படிச் செய்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

அடிப்படை 80,000, கொடுப்பனவு 15,000 என்றால் சேமலாப நிதிக்கு நிறுவனம் மாதம் 9,600 செலுத்தும். அடிப்படை 70,000, கொடுப்பனவு 25,000 என்றால் 8,400. வித்தியாசம் மாதம் 1,200, வருடத்துக்கு 14,400. நம்பிக்கை நிதியத்தில் மாதம் இன்னொரு 300. உங்கள் பங்கு 8 வீதமும் கூடுவதால், அடிப்படை 80,000 என்றால் கையில் வருவது 88,600. அடிப்படை 70,000 என்றால் 89,400. கையில் 800 ரூபா குறைகிறதே என்று பின்னதை விரும்புகிறவர்கள் உண்டு. கணக்கு உத்தியோகத்தரான உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை: அந்த 800 உங்கள் பெயரிலேயே நிதியில் சேருகிறது, அதற்கு மேலே நிறுவனத்தின் 1,200உம் சேருகிறது. ஐந்து வருடம் பூர்த்தியானபின் கிடைக்கக்கூடிய பணிக்கொடை, சேவையாற்றிய ஒவ்வொரு வருடத்துக்கும் இறுதியாகப் பெற்ற சம்பளத்தில் அரை மாதம் என்று கணிக்கப்படுகிறது. அங்கேயும் அடிப்படைத் தொகைதான் பேசும். 95,000 வருமான வரி கழிக்கும் எல்லைக்குக் கீழே இருப்பதால் அந்தக் கவலை இப்போது இல்லை.

இரண்டாவது, வேலை ஆரம்பிக்கும் திகதி. ஒக்டோபர் 1 பார்ப்பதற்கு நேர்த்தியான திகதி. ஆனால் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ், முதல் வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது. இரண்டு மாத சேவைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அமய லீவு மட்டும் உண்டு. அடுத்த வருடத்தின் வருடாந்த லீவு நீங்கள் எந்தக் காலாண்டில் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜூலை 1க்கும் செப்டெம்பர் 30க்கும் இடையில் சேர்ந்தால் 7 நாட்கள். ஒக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு சேர்ந்தால் 4 நாட்கள். ஒரு நாள் முந்தினால் மூன்று நாள் லீவு. நிறுவனம் இதைவிடக் கூடுதலாகத் தருவதாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இல்லையென்றால், பரீட்சை எழுதுகிற ஒருவருக்கு மூன்று நாள் சின்ன விடயமா?

இவ்விரண்டையும் பதிலில் நீங்களாகவே எழுதிவிடக் கூடாது. "அடிப்படை 80,000 என விளங்கிக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டு அவர்கள் மறுக்காமல் விட்டால் போதும் என்று சிலர் தந்திரம் செய்வார்கள். மறுநாளே "அப்படி நாங்கள் சொல்லவில்லையே" என்ற தொலைபேசி வரும், அந்தப் பேச்சு நல்லபடி தொடங்காது. அதற்குப் பதிலாக, எழுதுவதற்கு முன் முகாமையாளரை ஒருமுறை அழையுங்கள். "சேர், திருத்திய சம்பளத்துக்கு நன்றி. நான் ஏற்றுக்கொண்டு இன்றே எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் ஒன்று தெளிவாக வேண்டும்: கூடிய 10,000 அடிப்படையில் சேர்கிறதா?" ஏற்றுக்கொள்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட்டால், பின்னால் வருவது பேரமாகக் கேட்காது. திகதியையும் அதே மூச்சில் கேளுங்கள்: "செப்டெம்பர் 29 அல்லது 30 அன்றே கடமையேற்க முடியுமா? முடியாவிட்டால் 1 ஆம் திகதியே சரி." இல்லை என்றால் விட்டுவிடுங்கள். திகதிக்காக இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு அந்த மூன்று நாள் பெறாது. அடிப்படைச் சம்பள விடயத்தில் மட்டும், "கொடுப்பனவில்தான்" என்ற பதில் வந்தால், ஏற்பதா இல்லையா என்று ஓரிரவு யோசித்துவிட்டு முடிவெடுங்கள். 20 ஆம் திகதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அவர் "அடிப்படையில்தான், திகதி 1 ஆம் திகதியே இருக்கட்டும்" என்றதாக வைத்துக்கொண்டு ஒரு பதில் எழுதிக் காட்டுகிறேன். அவர்களுடைய 14 ஆம் திகதி மின்னஞ்சலுக்கு நேரடிப் பதிலாகவே அனுப்புங்கள். புதிய மின்னஞ்சலாக அனுப்பினால் பழையது கீழே ஒட்டிக்கொண்டு வராது.

பொருள்: கணக்கு உத்தியோகத்தர் பதவி: திருத்திய சம்பளத்தை ஏற்றுக்கொள்ளல்

மதிப்புக்குரிய ஐயா,

ஓகஸ்ட் 14 ஆம் திகதிய உங்கள் மின்னஞ்சலில் அறிவித்த 95,000 ரூபா மொத்த மாதச் சம்பளத்துடன் கணக்கு உத்தியோகத்தர் பதவியை ஏற்றுக்கொள்கிறேன். என் கோரிக்கையைப் பரிசீலித்தமைக்கு நன்றி.

நியமனக் கடிதம் தயாரிக்க இலகுவாக, இதுவரை நாம் உடன்பட்ட ஏனைய விடயங்களைக் கீழே தருகிறேன்.

சம்பளம்: அடிப்படை 80,000 ரூபா, மாதாந்தக் கொடுப்பனவு 15,000 ரூபா (இன்று தொலைபேசியில் நீங்கள் உறுதிப்படுத்தியபடி). ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியப் பங்களிப்புகள் சட்டப்படி.

தகுதிகாண் காலம்: மூன்று மாதங்கள் (ஓகஸ்ட் 11 அன்று தொலைபேசியில் பேசியபடி, ஓகஸ்ட் 4 கடிதத்தில் ஆறு மாதங்கள் என இருந்தது).

பரீட்சை லீவு: எனது தொழில்சார் கணக்கியல் பரீட்சை நடைபெறும் நாட்களும், அதற்கு முந்தைய இரண்டு நாட்களும், சம்பளத்துடன் (ஓகஸ்ட் 11).

அம்பாறைக் களஞ்சியம்: வாரம் ஒரு முறை செல்வதற்கு நிறுவன வாகனம் (ஓகஸ்ட் 11).

வேலை நேரம், போனஸ், மருத்துவக் காப்புறுதி, ஒரு மாத முன்னறிவித்தல்: ஓகஸ்ட் 4 கடிதத்தில் குறிப்பிட்டவாறே, மாற்றமின்றி.

கடமையேற்கும் திகதி: ஒக்டோபர் 1.

இவற்றில் ஏதேனும் நான் விளங்கிக்கொண்ட விதத்தில் பிழை இருந்தால் அறியத்தாருங்கள். நியமனக் கடிதம் கிடைத்ததும் கையொப்பமிட்டு அனுப்புவேன். தற்போதைய பணியில் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டியிருப்பதால், ஓகஸ்ட் 27 ஆம் திகதிக்குள் கடிதம் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,

இதில் சில இடங்களை நீங்கள் கவனிக்க வேண்டும். முதல் வாக்கியத்தில் "ஏற்றுக்கொள்கிறேன்" என்பது முற்றுப்புள்ளியோடு நிற்கிறது. "பின்வரும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன வம்பு வந்திருக்கும். "நாம் உடன்பட்ட" என்பது நடந்து முடிந்ததைச் சொல்கிறது, எதையும் கேட்கவில்லை. தகுதிகாண் காலத்துக்குப் பழைய ஆறு மாதத்தையும் அடைப்புக்குறிக்குள் எழுதியது வேண்டுமென்றேதான். எழுதுவினைஞர் படிவத்தில் ஆறைக் கண்டதும் அது மாறியது என்று அந்த வரி அவருக்குச் சொல்லும். நீங்கள் கேட்ட ஒரு இலட்சம் எங்கும் இல்லை. அது முடிந்துபோன கதை. அதை நினைவூட்டினால், மனக்குறையோடு வருகிற ஆள் என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

மின்னஞ்சல் என்பதால் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, மின்னஞ்சல் வழியாகச் செய்த முன்மொழிவும் சம்மதமும் அந்தக் காரணத்தாலேயே வலுவிழப்பதில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புவதை நான் விரும்புவதில்லை. கோப்புக்குப் போவது மின்னஞ்சல்தான். முகாமையாளருக்கு "பதில் அனுப்பியிருக்கிறேன் சேர்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவதில் தவறில்லை. அவர்களுடைய கடிதங்கள் ஆங்கிலத்தில் வந்திருந்தால் பதிலும் ஆங்கிலத்தில் இருப்பதே நல்லது, அவர்கள் பயன்படுத்திய அதே சொற்களோடு.

அனுப்பியபின் இரண்டு விதமாக நடக்கலாம். "பரீட்சைக்கு முந்தைய இரண்டு நாள் என்று நான் சொல்லவில்லை, பரீட்சை நாள் மட்டும்தான்" என்று ஒரு பதில் வரலாம். வரட்டும். இப்போது தெரிவது, நுழைவுச்சீட்டு கையில் இருக்கும்போது தெரிவதைவிட நல்லது. அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசித் தீருங்கள், மற்றவற்றைத் திறக்காதீர்கள். இல்லாவிட்டால் எந்தப் பதிலும் வராமலே இருக்கலாம். மௌனம் சட்டத்தில் சம்மதமாகாது. ஆனாலும் உங்கள் மின்னஞ்சல் திகதியோடு அங்கே கிடக்கிறது, அதைப் பார்த்தும் மறுக்காமல் நியமனக் கடிதம் அனுப்பினார்கள் என்பது உங்களுக்குச் சாதகமான சான்று. மூன்று வேலைநாள் பார்த்துவிட்டு அழைத்து, மின்னஞ்சல் கிடைத்ததா என்று கேளுங்கள்.

நியமனக் கடிதம் வந்ததும் அதை உங்கள் பதிலுக்குப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். குறிப்பாகக் கடைசிப் பக்கத்தில், "இதற்கு முன்னர் நடந்த எல்லாப் பேச்சுகளுக்கும் கடிதங்களுக்கும் பதிலாக இக்கடிதமே அமையும்" என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான படிவங்களில் இருக்கும். அது இருந்தால், கடிதத்தில் இடம்பெறாத எதற்கும், நீங்கள் இத்தனை கவனமாக எழுதிய மின்னஞ்சலுக்கும்கூட, பலம் போய்விடும். அப்படியானால் பரீட்சை லீவும் வாகனமும் கடிதத்துக்குள்ளேயே வர வேண்டும். "அதெல்லாம் படிவத்தில் போட முடியாது" என்றால், அதே திகதியில் கையொப்பமிட்ட ஓர் இணைப்புக் கடிதம் கேளுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு வரி, அது அவர்களுக்கும் பெரிய வேலையில்லை.

படிவத்தில் ஆறு மாதம் அப்படியே இருந்தால் கையொப்பமிட்டுவிட்டுப் பிறகு பேசுவோம் என்று நினைக்காதீர்கள். பேனாவால் வெட்டி "3" என்று எழுதி அனுப்புவதும் வேண்டாம், இரு தரப்பும் சுருக்கொப்பமிடாத திருத்தத்துக்குப் பெறுமதி இல்லை. கையொப்பமிடாமலே இப்படி ஒரு பதில் போதும்: "கடிதம் கிடைத்தது, நன்றி. 4 ஆம் பந்தியில் தகுதிகாண் காலம் ஆறு மாதம் என வந்திருக்கிறது. எனது ஓகஸ்ட் 18 மின்னஞ்சலில் உள்ளபடி மூன்று மாதம் எனத் திருத்தி அனுப்பினால் இன்றே கையொப்பமிடுகிறேன்." பத்தில் ஒன்பது முறை அது கவனக்குறைவுதான், அரை மணி நேரத்தில் திருத்திய பிரதி வந்துவிடும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. கல்முனையிலோ வேறெங்கோ இப்போது நீங்கள் பார்க்கும் வேலையிலிருந்து விலகும் கடிதத்தை, புதிய நிறுவனத்தின் கையொப்பமிட்ட நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே கொடுங்கள். ஒக்டோபர் 1க்குச் சேர வேண்டுமானால் ஓகஸ்ட் 31க்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். மேலுள்ள மாதிரிப் பதிலில் 27 ஆம் திகதியைக் குறிப்பிட்டது அதற்காகத்தான். 27 தாண்டியும் கடிதம் வராவிட்டால், முகாமையாளரை அழைத்து, கடமையேற்கும் திகதியைத் தாமதமாகும் நாட்களின் அளவுக்குத் தள்ளிவைக்கும்படி கேட்டு, அதையும் மின்னஞ்சலில் ஒரு வரியாக உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.